எலும்புக்குள் விழுந்த சில்லு

பதினோரு வயதுப் பையன் ஒருவன் எல்லைக்கோட்டருகே நின்று பந்தை எடுத்து விக்கெட்டை நோக்கி வீசுகிறான். யாரும் அவனை இடிக்கவில்லை. அவன் கீழே விழவும் இல்லை. ஆனால் மேல்கையில் மளுக்கென்று ஒரு சத்தம். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் தோள்மூட்டுக்குச் சற்றுக் கீழே எலும்பு முறிந்திருக்கிறது. முறிந்த இடத்தைச் சுற்றி வெள்ளையாக இருக்கவேண்டிய எலும்பு, நீள்வட்டமாக ஒரு கறுத்த பைபோலத் தெரிகிறது. "உள்ளே ஏதோ கட்டி மாதிரி இருக்கு" என்று யாராவது சொன்னதுமே பெற்றோருக்குக் கைமுறிவு மறந்துபோகும். அடுத்த கேள்வி புற்றுநோயைப் பற்றித்தான்.

எலும்பு மருத்துவர்களுக்கு நன்கு பழகிய காட்சி இது. பந்து வீசியதற்கே கை முறிகிறது என்றால், அந்த இடத்தில் எலும்பு முன்பே மெலிந்திருந்தது என்று பொருள். இந்த வயதில் இந்த இடத்தில் அப்படி மெலியவைப்பது பெரும்பாலும் எளிய எலும்பு நீர்க்கட்டி. கட்டி என்று பெயர் இருந்தாலும் உள்ளே சதை வளர்ச்சி எதுவும் இல்லை. மெல்லிய சவ்வு ஒன்றும், அதற்குள் வைக்கோல் நிறத்தில் கொஞ்சம் நீரும்தான். முறிவுக்குப் பிறகு அதில் இரத்தம் கலந்திருக்கும். இது பெரும்பாலும் இருபது வயதுக்குள், பெண்பிள்ளைகளைவிட ஆண்பிள்ளைகளுக்கே அதிகமாக வருகிறது. பாதிக்கு மேல் மேல்கை எலும்பின் தோள்பக்க முனையில் இருக்கும். அடுத்தபடியாகத் தொடை எலும்பின் இடுப்புப்பக்க முனை. வலி இராது, வீக்கம் இராது. முறிகிற வரைக்கும் அது இருப்பதே யாருக்கும் தெரியாது.

ஏன் உண்டாகிறது என்பதற்கு ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது: எலும்புக்குள் ஊறும் நீர் வடிய வழியில்லாமல் தேங்குகிறது என்று. அது இன்னும் முடிவாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால் கட்டி இருக்கும் இடத்தைப் பார்த்தால் பொருத்தமாகவே படுகிறது. பிள்ளைகளின் எலும்பு முனையருகே வளர்ச்சித் தட்டு என்று குருத்தெலும்பால் ஆன ஒரு அடுக்கு உண்டு. எலும்பு நீளுவது அங்கிருந்துதான். மேல்கை எலும்பின் வளர்ச்சியில் ஏறக்குறைய எண்பது சதவீதம் தோள்பக்கத் தட்டின் வேலை. அவ்வளவு மும்முரமாகக் கட்டுமானம் நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நீர்க்கட்டி குடிகொள்கிறது.

எக்ஸ்ரேயில் இதற்கென்று ஒரு சாயல் இருக்கிறது. கறுப்புப் பகுதி எலும்பின் ஓரத்தில் ஒதுங்காமல் நடுவில், வளர்ச்சித் தட்டை ஒட்டி, நீளவாக்கில் கிடக்கும். அதன் விளிம்பு பென்சிலால் வரைந்ததுபோலத் தெளிவாக இருக்கும். சுவர் மெலிந்து லேசாகப் புடைத்திருக்கலாம். ஆனால் அந்தப் புடைப்பு வளர்ச்சித் தட்டின் அகலத்தை மீறுவது அரிது. புற்றுநோய் என்றால் படம் வேறு. விளிம்பு கரையான் அரித்ததுபோல இருக்கும். எலும்புக்கு வெளியே வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காகவோ சூரியக் கதிர்போல விரிந்தோ புது எலும்பு முளைத்திருக்கும். சதைக்குள்ளும் ஒரு நிழல் படரும். நீர்க்கட்டியில் இவை எதுவும் இருக்காது.

இதையெல்லாம்விட அழகான தடயம் ஒன்று உண்டு. முறியும்போது மெலிந்த சுவரிலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து உள்ளே விழும். உள்ளே இருப்பது சதையோ குருத்தெலும்போ என்றால் சில்லு பெயர்ந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். நீர் என்றால் கிணற்றில் போட்ட கல்போல அடிவரை இறங்கிவிடும். நிற்கவைத்து எடுத்த படத்தில் கறுப்புப் பையின் அடியில் சிறிய வெள்ளைக் கோடாக அது கிடக்கும். 'விழுந்த சில்லு அடையாளம்' என்று கதிரியக்க மருத்துவர்கள் இதைச் சொல்வார்கள். கத்தி வைக்காமல், ஊசி போடாமல், உள்ளே நீர்தான் என்பதை ஒரே படம் சொல்லிவிடுகிறது. முறிந்த நீர்க்கட்டிகளில் ஐந்தில் ஒன்றில்தான் சில்லு இப்படித் தெரியும். ஆகவே அது இல்லை என்பதற்காக நீர்க்கட்டி இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பையனுக்கு என்ன செய்வார்கள்? முதலில் கையைத் தூளியில் தொங்கவிடுவார்கள். முறிவு மற்ற முறிவுகளைப் போலவே சில வாரங்களில் கூடிவிடும். முறிவோடு கட்டியும் தூர்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. பத்தில் ஒருவருக்கு நடந்தால் அதிகம். மற்றவர்களுக்குக் கட்டி அப்படியே நிற்கும். பெரிதாக இருந்தால் ஊசியால் நீரை உறிஞ்சிவிட்டு உள்ளே ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்துவார்கள். 1970-களில் இத்தாலிய மருத்துவர் ஸ்காலியெட்டி பரப்பிய முறை இது. ஒரே ஊசியில் வேலை முடிவது குறைவு; மாதக்கணக்கில் இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை போடவேண்டி வரும். சிலருக்குச் சுரண்டி எடுத்து எலும்புத் துண்டுகளால் நிரப்புவார்கள். தட்டை ஒட்டியே இருக்கும் கட்டி நிரப்பிய பின்னும் திரும்ப வருவதுண்டு. தொடை எலும்பின் கழுத்தில் இருந்தால் மட்டும் யாரும் காத்திருக்க மாட்டார்கள். உடல் எடை முழுதும் இறங்கும் இடம் அது. அங்கே முறிந்தால் இடுப்பே கோணிப்போகலாம்.

இதே கறுப்பு விரல் எலும்பில் தெரிந்தால் கதை மாறுகிறது. கதவிடுக்கில் விரல் நசுங்கியோ வாலிபால் பட்டோ படம் எடுக்க வரும் இளைஞருக்கு விரலெலும்பு புடைத்து, உள்ளே வெளிறித் தெரிந்தால் அது பெரும்பாலும் என்காண்ட்ரோமா, அதாவது எலும்புக்குள் இருக்கும் குருத்தெலும்புக் கட்டி. கையின் எலும்புகளில் மிகுதியாகக் காணப்படும் கட்டி இதுதான். இங்கே சில்லு விழாது. உள்ளே இருப்பது நீரல்ல. அதற்குப் பதில் வேறொரு தடயம் உண்டு. குருத்தெலும்பு சிறுசிறு உருண்டைகளாக வளரும். ஒவ்வோர் உருண்டையின் ஓரத்திலும் சுண்ணாம்பு படியும். அதனால் படத்தில் வெள்ளை வளையங்களும் பிறைகளும் பொரி இறைத்ததுபோலத் தெரியும். நீண்ட எலும்புகளில்தான் இது பளிச்சென்று இருக்கும். விரலில் பல சமயம் ஒன்றுமே தெரியாமல் வெறும் கறுப்பாகவே இருந்து ஏமாற்றும்.

முறிந்த விரலை முதலில் கூடவிட்டு, பிறகு கட்டியைச் சுரண்டி எடுப்பார்கள். வேறு எதற்கோ எடுத்த படத்தில் தற்செயலாகத் தென்பட்டால் பெரும்பாலும் தொடாமல் விட்டுவிடலாம். எச்சரிக்கை தேவைப்படுவது தொடை, மேல்கை போன்ற நீண்ட எலும்புகளில். முறிவே இல்லாமல் வலித்தாலோ, வளர்ச்சி நின்ற வயதுக்குப் பின்னும் கட்டி பெருத்தாலோ, எலும்புச் சுவரின் தடிப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உட்புறமிருந்து அரிக்கப்பட்டிருந்தாலோ புற்றாக மாறுகிறதா என்று பார்த்தாக வேண்டும். பல எலும்புகளில் ஒருங்கே இருக்கும் ஒல்லியர் நோயில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

பந்து வீசிய பையனிடம் திரும்புவோம். இரண்டு ஆண்டுகள் கழித்து எடுக்கும் படத்தில் அவனுடைய கறுப்புப் பை வளர்ச்சித் தட்டைவிட்டு இரண்டு சென்டிமீட்டர் போலக் கீழே தள்ளிக் கிடக்கும். பை நகரவில்லை, எலும்புதான் தட்டிலிருந்து புதிதாக வளர்ந்து அதைப் பின்னால் விட்டுவிட்டது. இடையில் நல்ல எலும்பு வெள்ளையாக நிரம்பியிருக்கும். தட்டிலிருந்து விலகிய கட்டி அடங்கிக்கொண்டு வருகிறது என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த படத்தை ஆறு மாதத்துக்குப் பதில் ஒரு வருடம் கழித்து எடுத்தால் போதும் என்று சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள்.