தாளில் இருக்கும் இரண்டு தேதிகள்

நாமக்கல்லில் முப்பது லாரி வைத்திருக்கும் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸை எடுத்துக்கொள்வோம். வண்டிக்கு இன்ஷூரன்ஸ், எஃப்.சி., பொல்யூஷன் என்று மூன்று தாள். ஆக மொத்தம் தொண்ணூறு தேதிகளை சூப்பர்வைசர் காக்க வேண்டும். பெர்மிட்டும் வரியும் இதில் சேரவில்லை. வண்டிகள் ஆந்திராவிலும் குஜராத்திலும் நிற்கும். டிரைவர் புதுத் தாளை போனில் படம் எடுத்து, "அண்ணே, பொல்யூஷன் எடுத்தாச்சு, வாட்ஸ்அப்புல போட்டிருக்கேன்" என்பார். அந்தப் படத்தில் இருக்கும் தேதியைப் படித்து, கணினியில் உள்ள பட்டியலில் ஏற்றி, நாள் நெருங்கும்போது எச்சரிக்கை வரச் செய்வதுதான் வேலை. எச்சரிக்கை தானாக வந்துவிடும். ஆனால் ஏற்றிய தேதியே தப்பு என்றால் அந்த எச்சரிக்கையால் பயனில்லை.

படத்திலிருந்து எழுத்துகளைப் படித்துத் தரும் மென்பொருள்கள் நிறைய உண்டு. டெசராக்ட் என்பது இலவசமாகவே கிடைக்கிறது. தெளிவாக அச்சான தாளை நேராக வைத்து ஸ்கேன் செய்தால் இவை நன்றாகவே படிக்கும். லாரித் தாள்கள் அப்படி வருவதில்லை. லேமினேஷன் பளபளப்பு ஒரு எண்ணை மறைக்கும். மடித்த கோடு தேதியின் நடுவே ஓடும். ரப்பர் ஸ்டாம்பு மை மேலே ஏறியிருக்கும். போதாததற்கு வாட்ஸ்அப், படத்தைச் சுருக்கி அனுப்பும். கேலரியிலிருந்து படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் அந்த இழப்பு இல்லை. இதை எல்லா டிரைவர்களிடமும் சொல்லி வைப்பது நல்லது.

இப்படிப்பட்ட தாளில் 1 என்பது 7 ஆகும், 3 என்பது 8 ஆகும். எழுத்து இப்படிப் பிசகினால் சொல் கெட்டுப்போய் நம் கண்ணில் படும். தேதி அப்படியில்லை, தப்பாகப் படித்த தேதியும் நல்ல தேதி போலவே தெரியும். ஒரு இன்ஷூரன்ஸ் சான்றிதழில் 12/06/2025 நள்ளிரவு முதல் 11/06/2026 நள்ளிரவு வரை என்று இருக்கிறது. ஸ்கேனிலிருந்து 17/06/2026 என்று ஏறிவிட்டது. பட்டியலைப் பார்ப்பவருக்கு எந்தச் சந்தேகமும் எழாது. ஜூன் 12 முதல் 17 வரை ஆறு நாள் அந்த லாரி இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓடும். பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 196-வது பிரிவில் முதல் முறை அபராதம் 2,000 ரூபாய். அது போகட்டும். அந்த ஆறு நாளில் ஒருவர் மீது வண்டி மோதிவிட்டால், தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீடு முழுவதும் முதலாளியின் கையிலிருந்து போக வேண்டும்.

இதைப் பிடிக்கும் வழி தாளிலேயே இருக்கிறது. காப்பீட்டுக்கும் பொல்யூஷனுக்கும் எஃப்.சி.க்கும் தொடங்கும் நாள் ஒன்று, முடியும் நாள் ஒன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள காலம் யாரும் இஷ்டத்துக்கு வைத்ததல்ல. ஆண்டு பாலிசி என்றால் ஒரு வருடம் போய் ஒரு நாள் குறைவு. ஆகவே முடியும் தேதியை மட்டும் ஏற்றக் கூடாது, தொடங்கும் தேதியையும் ஏற்ற வேண்டும். தாளில் படித்த முடிவுத் தேதியும் கணக்கில் வரும் முடிவுத் தேதியும் ஒத்துப்போகிறதா என்று அட்டவணையே பார்த்துக்கொள்ளும். C பத்தியில் தொடக்கம், D-யில் தாளில் படித்த முடிவு, E-யில் எத்தனை மாதம் என்று வைத்துக்கொண்டால் போதும்:

```
=IF(D2=EDATE(C2,E2)-1,"சரி","பார்")
```

மேலே சொன்ன லாரிக்கு இது 11/06/2026 என்று கணக்கிடும், ஏறியிருப்பதோ 17. உடனே "பார்" என்று வரும். அப்போது சூப்பர்வைசர் மூலத்தாளைத் திறந்து அந்த ஓர் எண்ணை மட்டும் கண்ணால் பார்த்தால் போதும். தொண்ணூறு தாளையும் மறுபடி படிக்கத் தேவையில்லை. இரண்டு தேதியும் ஒரே அளவில் பிசகினால்தான் இந்தச் சோதனை ஏமாறும். அது அபூர்வம்.

மாதக் கணக்கில்தான் கவனம் வேண்டும். பொல்யூஷனுக்குப் பழைய வண்டி என்றால் ஆறு மாதம், பி.எஸ்.4 வண்டிகளுக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் ஒரு வருடம். எஃப்.சி. இன்னும் சூட்சுமமானது. புது வண்டிக்கு இரண்டு வருடம் தருகிறார்கள். வண்டிக்கு எட்டு வயது ஆகும் வரை ஒவ்வொரு புதுப்பிப்பும் இரண்டு வருடம், அதன் பிறகு ஒவ்வொரு வருடமும். 2017 செப்டம்பரில் பதிவான லாரி 2025 அக்டோபரில் எஃப்.சி. காட்டினால் 2026 அக்டோபர் வரைதான் கிடைக்கும். பழக்கத்தில் 2027 என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஆபீஸ்களில்தான் இது தவறுகிறது. அதனால் பதிவு தேதியும் ஒரு பத்தியாகப் பட்டியலில் இருக்க வேண்டும். எஃப்.சி.யில் ஒரு நாள் முன்பின்னாக வந்து "பார்" என்று காட்டுவதுண்டு. அதைத் தப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், தாளைப் பார்த்து உறுதி செய்தால் சரி.

இனி ஒரு மோசமான பொறி. கணினி அமெரிக்க வழக்கத்தில் அமைக்கப்பட்டிருந்தால், 05/03/2026 என்று தட்டுவது மே 3 என்று பதிவாகும். 25/03/2026 என்றால் இருபத்தைந்தாவது மாதம் கிடையாது என்பதால் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் எழுத்தாக விட்டுவிடும். ஒரே பட்டியலில் பாதி தேதி தலைகீழாகி, பாதி தேதி எண்ணிக்கைக்கே வராமல் கிடக்கும். எழுத்தாகக் கிடப்பவை கட்டத்தில் இடது பக்கம் ஒட்டி நிற்கும், உண்மைத் தேதி வலது பக்கம் நிற்கும்; கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். தலைகீழானவை அப்படித் தெரியாது. ஆண்டை முன்னால் வைத்து 2026-03-05 என்று தட்டினால் இந்தக் குழப்பமே வராது.

தேதிகள் சரியானதும், எத்தனை நாள் முன்னால் எச்சரிக்கை வர வேண்டும் என்பது அடுத்த கேள்வி. மூன்றுக்கும் ஒரே கெடு வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பொல்யூஷனை வழியில் உள்ள சோதனை மையத்தில் சில நிமிடத்தில் எடுத்துவிடலாம், பத்து நாள் போதும். இன்ஷூரன்ஸுக்கு பிரீமியம் பேசிப் பணம் கட்ட ஒரு மாதம். எஃப்.சி.க்கு வண்டியே வந்தாக வேண்டும். பெயிண்ட், டிங்கரிங், ஸ்டிக்கர், விளக்கு, பிரேக் எல்லாம் பார்த்து நிறுத்த வேண்டும். அசாம் லோடுக்குப் போன லாரி திரும்பவே வாரக்கணக்கில் ஆகும். ஆகவே ஒன்றரை மாதத்துக்கு முன்னாலேயே அந்த வண்டிக்கு நீண்ட லோடு ஏற்றக் கூடாது என்று பட்டியல் சொல்ல வேண்டும். எஃப்.சி.க்குப் போகும்போது இன்ஷூரன்ஸும் பொல்யூஷனும் உயிரோடு இருக்க வேண்டும் என்பதால், அந்த வாரத்தில் முடியப்போகும் மற்ற இரண்டையும் முதலில் புதுப்பித்துவிட வேண்டும்.

ஒரு வண்டிக்கு ஒரு வரி என்று வைத்து, புதுத் தேதியைப் பழையதன் மேல் எழுதுவது பலரின் வழக்கம். தாளுக்கு ஒரு வரி வைப்பது மேல். பழையது அழியாமல் இருந்தால், இரண்டு பாலிசிக்கும் நடுவே இடைவெளி விழுந்ததா என்று பார்க்க முடியும். கோரிக்கை வராத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் போய்விடும். ஸ்கேன் கோப்பின் பெயரிலேயே வண்டி எண், தாள் வகை, முடிவுத் தேதி மூன்றும் இருக்கட்டும். வண்டி எண்ணையும் ஆர்.சி. பட்டியலோடு ஒத்துப் பார்க்க வேண்டும். 3-ஐ 8 என்று படித்து வேறு லாரியின் கணக்கில் தாள் சேர்ந்துவிட்டால், தேதிகள் இரண்டும் பொருந்தி "சரி" என்றே வரும்.

ஸ்கேன் எவ்வளவு சரியாக இருந்தாலும் அது தாள் வந்த நாளின் நிலையைத்தான் காட்டும். பிரீமியத்துக்குத் தந்த காசோலை திரும்பி வந்து கம்பெனி பாலிசியை ரத்து செய்திருந்தால், கையில் உள்ள சான்றிதழில் எந்த அடையாளமும் இருக்காது. அரசின் வாகன் பதிவேட்டில் மூன்று தேதிகளும் இருக்கின்றன, எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டினால் தெரியும். மாதம் ஒரு நாள் ஒதுக்கி, அடுத்த அறுபது நாளில் முடியும் தாள்களை மட்டும் அதோடு ஒப்பிட்டுவிடலாம். பதிவேட்டில் புதுப்பித்த தேதி ஏறத் தாமதமாவதும் உண்டு. அப்படி முரண்பட்டால் பாலிசி எண்ணைச் சொல்லி இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமே கேட்டு, பதில் வந்த நாளை அந்த வரியிலேயே குறித்து வைக்க வேண்டும்.