241 எந்தக் கணக்கு?

பள்ளி அலுவலகத்திலிருந்து ஆசிரியர்களுக்கு ஓர் அறிவிப்பு வருகிறது: "சில பாடங்களின் பெயரும் குறியீட்டு எண்ணும் மாற்றப்பட்டுள்ளன. ஆசிரியர்கள் தங்கள் மதிப்பெண் பட்டியல் படிவத்தில் திருத்திக்கொள்ளவும்." மூன்று வரிதான். விடைத்தாள் கட்டுக்கு நடுவே இதைப் படிக்கும் வகுப்பாசிரியருக்கு ஐந்து நிமிட வேலையாகத்தான் தோன்றும். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் நடந்த மாற்றங்களைப் பார்த்தால், அந்த ஐந்து நிமிடத்தில் எவ்வளவு தவறு நேரலாம் என்பது தெரியும்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலின் எண் 083. பல ஆண்டுகள் சி பிளஸ் பிளஸ் நடத்தப்பட்ட பாடம் அது. பைத்தான் அடிப்படையிலான புதிய பாடத்திட்டம் வந்தபோது, 083 என்ற எண் புதிய பாடத்துக்குப் போனது. பழையதற்கு 283 என்று வேறு எண் தரப்பட்டது. 2020 பொதுத்தேர்வில் இரண்டும் இருந்தன. இன்ஃபர்மேட்டிக்ஸ் பிராக்டிசஸ் பாடத்திலும் இதே கதைதான்: புதியதற்கு 065, பழையதற்கு 265. எண் மாறாததால் எதையும் தொட வேண்டியதில்லை என்று பழைய பாடத்திட்ட மாணவரின் வரிசையில் 083 என்றே விட்டிருந்தால், அவர் படிக்காத பாடம் அவர் பெயரில் ஏறியிருக்கும்.

கணிதத்தில் சிக்கல் வேறு விதம். பத்தாம் வகுப்பில் 2020 தேர்விலிருந்து கணிதம் இரண்டாகப் பிரிந்தது. ஸ்டாண்டர்டு 041, பேசிக் 241. பாடத்திட்டம் ஒன்றே, வினாத்தாளின் கடினம்தான் வேறு. அடுத்து, மேல்நிலை வகுப்புகளில் அப்ளைடு மேத்தமேட்டிக்ஸ் வந்தது. அதற்கும் 241 தான்! பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் ஒரே படிவத்தைப் பயன்படுத்தும் பள்ளியில், 241 என்று தட்டினால் எந்தப் பெயர் அச்சாகும்? பட்டியலில் எது முதலில் இருக்கிறதோ அது. பேசிக் எழுதியவர் பதினொன்றில் 041 எடுக்க முடியாது என்பதுதான் தொடக்கத்தில் இருந்த விதி, பின்னர் தளர்த்தப்பட்டது. அதனால் அந்தப் பெயரை வெறும் அச்சுப் பிழையாக ஒதுக்க முடியாது.

இதற்கு வழி, எண்ணை மட்டும் நம்பாமல் வகுப்பையும் சேர்த்துத் தேடுவது. எக்ஸெலில் Codes என்ற தனித் தாளின் முதல் பத்தியில் 10-041, 10-241, 12-241 என்று எழுதி, அடுத்த பத்தியில் பாடப் பெயரைக் கொடுக்கலாம். மதிப்பெண் தாளில் A பத்தியில் வகுப்பு, B பத்தியில் எண் இருந்தால் இந்தச் சூத்திரம் போதும்:

```
=VLOOKUP(A5&"-"&B5,Codes!$A$2:$B$40,2,FALSE)
```

கடைசியில் உள்ள FALSE விடுபடக் கூடாது. விடுபட்டால், சரியான எண் கிடைக்காதபோது எக்ஸெல் அருகில் உள்ள ஏதோ ஒரு பாடத்தின் பெயரைக் கொண்டுவந்து வைத்துவிடும். பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது.

இன்னொரு தொல்லை, முன்னால் நிற்கும் பூஜ்யம். சாதாரணக் கட்டத்தில் 041 என்று அடித்தால் எக்ஸெல் அதை 41 ஆக்கிவிடும். சூத்திரம் 10-41 ஐத் தேடி, கிடைக்காமல் #N/A என்று காட்டும். இது அசிங்கமாக இருக்கிறதென்று சிலர் IFERROR போட்டு வெற்றிடமாக்கி விடுகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது. பிழையைக் காட்டிக்கொடுப்பதே அந்த #N/A தான். எண்களை அடிக்கும் முன்பே அந்தப் பத்தியை Text என்று மாற்றிவைத்தால் பூஜ்யம் விழாது.

எல்லாவற்றையும்விட ஆபத்து, தாள் முழுவதும் Find and Replace ஓட்டுவது. பூஜ்யம் விழுந்துபோன ஒரு படிவத்தில், பேசிக் எடுத்தவர்களுக்காக 41 ஐ 241 ஆக்கச் சொன்னால் என்ன ஆகும்? ஏற்கெனவே சரியாக இருந்த 241, 2241 ஆகிவிடும். அறிவியலில் 41 மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு 241 மதிப்பெண் விழும். குறியீட்டுப் பத்தியில் பேசிக் எடுத்தவர்களின் கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, Match entire cell contents என்பதையும் குறித்துக்கொண்டு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு, ஒவ்வொரு குறியீட்டிலும் எத்தனை மாணவர் என்று COUNTIF கொண்டு எண்ணி, வாரியத்துக்கு அனுப்பிய தேர்வர் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். எண்ணிக்கை ஒன்று கூடினாலும் குறைந்தாலும், அச்சிடும் முன் அந்த மாணவரைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு பேருக்குக் குறியீடு இடம் மாறியிருந்தால் எண்ணிக்கை காட்டாது. அதற்குப் பெயர் பெயராகப் பார்ப்பதுதான் வழி.

முந்தைய ஆண்டுக் கோப்புகளைத் தொடவே கூடாது. அந்த ஆண்டு எந்தப் பெயரில், எந்த எண்ணில் தேர்வு நடந்ததோ அதுவே அந்த மாணவரின் பதிவு. புதிய படிவத்தை வேறு பெயரில் சேமிக்க வேண்டும்.

அலுவலகத்தார் அறிவிப்பை மூன்று வரியில் முடிக்காமல் பழைய எண், புதிய எண், எந்த வகுப்பு, எந்த ஆண்டு மாணவர் முதல் என்ற நான்கையும் எழுதி அனுப்ப வேண்டும். ஆசிரியர்கள் கேட்டு வாங்க வேண்டியதும் இந்த நான்கைத்தான்.