மண்டபம் இருக்கிறது, மாணவர்கள் இருக்கிறார்களா? ரியூசன் நேரசூசி பிழைக்கும் இடம்

உயர்தரப் பரீட்சை நெருங்கும்போது, இந்தத் திகதிக்குப் பிறகு தனியார் வகுப்புகள் நடத்தக்கூடாது என்று பரீட்சைத் திணைக்களம் அறிவிக்கும். அந்தத் திகதிக்கு முந்திய வாரங்களில் யாழ்ப்பாணத்து ரியூசன் நிலையங்களின் நேரசூசி நாளுக்கு நாள் மாறும். மீட்டல் வகுப்பு, வினாத்தாள் வகுப்பு, முடியாத அலகுக்கு மேலதிக வகுப்பு என்று எல்லா ஆசிரியர்களும் ஒரே கிழமையில் நேரம் கேட்பார்கள். வகுப்புகள் ஒன்றோடொன்று மோதுவது பெரும்பாலும் அப்போதுதான்.

நான் பார்த்த ஒரு நிலையத்தில் ஒரு மண்டபமும் இரண்டு சிறிய அறைகளும் இருந்தன. அலுவலகச் சுவரில் பெரிய அட்டை. இடப்பக்கம் அறைகளின் பெயர், மேலே நேரம். பௌதிகவியல் ஆசிரியர் சனிக்கிழமை பிற்பகல் ஒரு வினாத்தாள் வகுப்பு கேட்டார். 3.15 முதல் 5.15 வரை மண்டபம் காலியாக இருந்தது, கேட்டவரே ஆசிரியர் என்பதால் அவருக்கும் நேரம் இருந்தது. முகாமையாளர் எழுதிவிட்டார். ஆனால் அதே நாள் 2.00 முதல் 4.00 வரை சிறிய அறையொன்றில் இணைந்த கணிதம் நடந்தது. உயிரியல் பிரிவுக்குப் பிரச்சினை இல்லை. கணிதப் பிரிவு மாணவர்கள் இரண்டு வகுப்புக்கும் காசு கட்டியவர்கள், முக்கால் மணித்தியாலம் எதையாவது ஒன்றை விட வேண்டியிருந்தது.

பிழை அட்டையின் அமைப்பில் இருக்கிறது. அறை வாரியாக எழுதிய அட்டை, ஓர் அறையில் இரண்டு வகுப்பு வராமல் மட்டுமே காக்கும். ஒவ்வொரு வகுப்பும் அறை, ஆசிரியர், மாணவர் பிரிவு என்ற மூன்றையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்கிறது. மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பௌதிகவியலுக்கு உயிரியல் பிரிவும் கணிதப் பிரிவும் சேர்ந்தே இருப்பதால், கட்டத்தில் 'பௌதிகவியல்' என்று பாடத்தை மட்டும் எழுதினால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது மறைந்துவிடும்.

மோதலைக் கண்டுபிடிக்கும் விதி எளிது. முதல் வகுப்பு முடியுமுன் இரண்டாவது தொடங்குகிறதா? இரண்டாவது முடியுமுன் முதலாவது தொடங்குகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் மோதல். மேலே சொன்னதில் 4.00க்கு முன் 3.15 வருகிறது, 5.15க்கு முன் 2.00 வருகிறது. மோதல்தான்.

இதைக் கணினி விரிதாளில் செய்யலாம். ஒரு வகுப்புக்கு ஒரு வரி. A நிரலில் கிழமை, B தொடக்கம், C முடிவு, D அறை, E ஆசிரியர். அடுத்து ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிரல், அந்தப் பிரிவு வகுப்பில் இருந்தால் 1. அறைக்கான சோதனை:

```
=COUNTIFS($A:$A,A2,$D:$D,D2,$B:$B,"<"&C2,$C:$C,">"&B2)
```

வகுப்பு தன்னையும் எண்ணுவதால் 1 வந்தால் சரி, 2 வந்தால் மோதல். D வரும் இடங்களில் E என்று மாற்றினால் ஆசிரியருக்கும், பிரிவின் நிரலை இட்டால் மாணவர்களுக்கும் இதே சோதனை. நேரத்தை 15:15 என்ற வடிவில் எழுத வேண்டும். 3.15 என்று எழுதினால் கணினி அதைக் காலை 8ஐ விடச் சிறிய எண்ணாக எடுத்துக்கொள்ளும். ஆசிரியரின் பெயரும் எல்லா வரியிலும் ஒரே எழுத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் 'சேர்' சேர்த்து எழுதினாலே அவர் இரண்டு ஆளாகிவிடுவார்.

அந்த வகுப்பை ஞாயிறுக்கு மாற்றினார்கள். ஆசிரியருக்கு அன்று நெல்லியடியில் 8 முதல் 10 வரை வகுப்பு. அட்டையின்படி 10.15க்கு அவர் சும்மா இருக்கிறார், உண்மையில் பருத்தித்துறை வீதியில் வந்துகொண்டிருப்பார். வெளியிடத்து வகுப்பையும் பயண நேரம் சேர்த்து, 8:00 முதல் 11:00 வரை என்று, அறை நிரலை வெறுமையாக விட்டு ஒரு வரியாக எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் வராது. வகுப்பு 11.15க்கு வைக்கப்பட்டது. முதலிலேயே இப்படி நாலு ஊர் ஓடும் ஆசிரியர்களையும் மண்டபம் தேவைப்படும் பெரிய வகுப்புகளையும் இருத்திவிட்டு, மற்றவற்றை எஞ்சிய இடங்களில் நிரப்புவதுதான் சுலபம். மாறிச் செய்தால் கடைசியில் நகர்த்த முடியாத வகுப்பே வெளியே நிற்கும்.

இத்தனைக்கும் பிறகு விரிதாளுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை பௌதிகவியலுக்கு ஒரு நிலையம், இரசாயனவியலுக்கு வேறொரு நிலையம் என்று ஆசிரியரைப் பார்த்துப் போகும். மற்ற நிலையத்தின் நேரசூசி இங்கே இல்லை. அதனால் அந்த முகாமையாளர் இப்போது மேலதிக வகுப்பை அறிவிக்க முன்னர், முந்திய வகுப்பு முடியும்போது மண்டபத்துக்குள் போய், அந்த நேரத்தில் வேறிடத்தில் வகுப்பு உள்ளவர்களைக் கை உயர்த்தச் சொல்கிறார்.