நடுவழியில் பூட்டு, இரு முனையிலும் திறப்பு

2018 ஜூன் மாதம் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் அரசுத் தரப்பு ஒரு மனுவைத் தாக்கல் செய்தது. டிரம்ப்பின் தேர்தல் பிரசாரக் குழுத் தலைவராக இருந்த பால் மனாஃபோர்ட், தன் மீதான வழக்கு விசாரணைக்காகக் காத்திருந்தபோது சாட்சிகளைக் கலைக்க முயன்றார் என்பது குற்றச்சாட்டு. அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகளும் ஆதாரங்களாக வைக்கப்பட்டன. சில நாட்களில் நீதிபதி அவரைச் சிறைக்கு அனுப்பினார்.

வாட்ஸ்அப் தன் செய்திகள் அனைத்துக்கும் முனைக்கு முனை மறையாக்கம், அதாவது எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன், கொடுத்து முடித்தது 2016 ஏப்ரலில். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு இந்தச் செய்திகள் புலனாய்வாளர்கள் கையில் எப்படிக் கிடைத்தன? மறையாக்கத்தை அவர்கள் உடைக்கவில்லை. செய்தியைப் பெற்றவர்களே அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மீதியை, நீதிமன்ற அனுமதியோடு மனாஃபோர்ட்டின் ஐகிளவுட் கணக்கிலிருந்து எடுத்தார்கள்.

மறையாக்கம் எதைக் காக்கிறது, எதைக் காக்காமல் விடுகிறது என்பது இந்த ஒரு வழக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

மதுரையில் இருக்கும் அக்கா, சென்னையில் இருக்கும் தம்பிக்கு ஒரு செய்தி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது அவருடைய செல்பேசியிலிருந்து வாட்ஸ்அப் நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து தம்பியின் செல்பேசிக்குப் போகிறது. நடுவில் இருக்கும் சர்வருக்குத் தெரியாமல் இருவரும் ஒரே ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அதற்கான பேச்சே அந்தச் சர்வர் வழியாகத்தான் நடந்தாக வேண்டும்.

இதற்கு வழி செய்யும் கணக்கைச் சிறிய எண்களில் போட்டுப் பார்க்கலாம். 7, 23 என்ற இரண்டு எண்கள் எல்லோருக்கும் தெரியும், சர்வருக்கும் தெரியும். அக்காவின் செல்பேசி 3 என்ற எண்ணை ரகசியமாக வைத்துக்கொள்கிறது. 7-ஐ மூன்று முறை பெருக்கினால் 343. அதை 23-ஆல் வகுத்தால் மீதி 21. இந்த 21-ஐ மட்டும் வெளியே அனுப்புகிறது. தம்பியின் செல்பேசியின் ரகசிய எண் 4. 7-ஐ நான்கு முறை பெருக்கினால் 2401. 23-ஆல் வகுத்தால் மீதி 9. அது இந்த 9-ஐ அனுப்புகிறது.

இப்போது அக்காவின் செல்பேசி, வந்து சேர்ந்த 9-ஐத் தன் ரகசிய எண்ணான 3 முறை பெருக்குகிறது: 729. மீதி 16. தம்பியின் செல்பேசி 21-ஐ 4 முறை பெருக்குகிறது: 1,94,481. அதற்கும் மீதி 16. இருவருக்கும் 16 என்ற ஒரே சாவி கிடைத்துவிட்டது. அந்த 16 ஒரு முறைகூட வெளியே போகவில்லை. சர்வர் பார்த்தது 21-ஐயும் 9-ஐயும் மட்டுமே.

இவ்வளவு சிறிய எண்கள் என்றால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே ரகசியத்தைக் கண்டுபிடித்துவிடலாம். உண்மையில் வாட்ஸ்அப் பயன்படுத்தும் எண்கள் ஏறக்குறைய 77 இலக்கம் கொண்டவை. கணக்கும் இதைவிடச் சிக்கலானது. அடிப்படை ஒன்றுதான்: ரகசிய எண்ணிலிருந்து வெளி எண்ணைக் கண்டுபிடிப்பது எளிது, வெளி எண்ணிலிருந்து ரகசிய எண்ணுக்குத் திரும்புவது இன்றைய கணினிகளால் ஆகாத காரியம். சிக்னல் செயலிக்காக உருவான இந்த முறையைத்தான் வாட்ஸ்அப்பும் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு செய்திக்கும் சாவி மாறிக்கொண்டே இருப்பதால், ஒரு சாவி களவு போனாலும் அதற்கு முந்தைய செய்திகளைத் திறக்க முடியாது.

அந்த 60 இலக்கங்கள்

இதில் ஓர் இடைவெளி இருக்கிறது. தம்பியின் வெளி எண்ணை அக்காவிடம் கொண்டுவந்து தருவது சர்வர். சர்வரோ, அதற்குள் புகுந்த ஒருவரோ தம்பியின் எண்ணுக்குப் பதிலாகத் தன் எண்ணைக் கொடுத்துவிட்டால், அக்கா அறியாமல் நடுவில் இருப்பவரோடு சாவி போட்டுக்கொள்வார். அந்த நபர் செய்தியைத் திறந்து படித்துவிட்டு, மறுபடியும் பூட்டித் தம்பிக்கு அனுப்பலாம்.

இதைக் கண்டுபிடிக்கத்தான் 60 இலக்கப் பாதுகாப்பு எண் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒருவரின் பெயரைத் தொட்டு Encryption என்ற இடத்துக்குப் போனால் அது தெரியும். இருவரும் நேரில் சந்திக்கும்போது இரண்டு திரைகளிலும் ஒரே எண் இருந்தால் நடுவில் யாரும் இல்லை. பிறகு எப்போதாவது அந்த எண் மாறினால், பெரும்பாலும் தம்பி புதுச் செல்பேசி வாங்கியிருப்பார் அல்லது செயலியை அழித்து மீண்டும் ஏற்றியிருப்பார். ஆனால் அவருடைய செல்பேசி எண்ணை வேறொருவர் கைப்பற்றித் தன் கருவியில் வாட்ஸ்அப்பைத் திறந்தாலும் இதே மாற்றம்தான் தெரியும். எண் மாறியதாக அறிவிப்பு வந்த கையோடு அந்தப் பக்கத்திலிருந்து அவசரமாகப் பணம் கேட்டால், முதலில் தம்பியைப் போனில் அழைத்துக் குரலைக் கேட்டுவிட வேண்டும்.

முனையில் என்ன நடக்கிறது?

செய்தி தம்பியின் செல்பேசிக்கு வந்ததும் திறக்கப்படுகிறது. திறந்தால்தானே அவர் படிக்க முடியும்? அந்தக் கணத்திலிருந்து மறையாக்கத்தின் வேலை முடிந்தது. அந்தத் திரையைப் பார்க்கக்கூடிய எல்லோரும் செய்தியைப் பார்க்கலாம்.

2019-இல் நடந்தது இதன் மிகக் கடுமையான வடிவம். இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனத்தின் பெகாசஸ் உளவு மென்பொருள், வாட்ஸ்அப் அழைப்பு வசதியில் இருந்த ஒரு பிழை வழியாகச் சுமார் 1,400 பேரின் செல்பேசிகளைக் குறிவைத்தது. அழைப்பை எடுக்காவிட்டாலும் மென்பொருள் உள்ளே போய்விடும். குறிவைக்கப்பட்டவர்களில் இந்தியப் பத்திரிகையாளர்களும் மனித உரிமைச் செயற்பாட்டாளர்களும் இருந்தார்கள். உள்ளே உட்கார்ந்துகொண்ட மென்பொருளுக்குச் சாவியைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. செல்பேசியின் சொந்தக்காரர் படிப்பதை அதுவும் படிக்கும்.

சாதாரணக் குடும்பங்களில் நடப்பதற்கு இவ்வளவு தொழில்நுட்பம் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் Linked devices என்ற வசதி இருக்கிறது. ஒரு கணக்கோடு நான்கு கருவிகள் வரை இணைத்துக்கொள்ளலாம். மனைவியின் செல்பேசியைத் திறக்கத் தெரிந்த கணவர், அதில் ஒரு கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து தன் கணினியோடு இணைத்துவிட்டால், அதன்பின் மனைவிக்கு வரும் ஒவ்வொரு செய்தியும் அந்தக் கணினிக்கும் வரும். அங்கும் மறையாக்கம் ஒழுங்காகவே நடக்கிறது: அந்தக் கணினிக்கென்றே தனிச் சாவி போட்டுப் பூட்டி அனுப்பப்படுகிறது. இதைக் கண்டுபிடிப்பதும் எளிது. Settings-இல் Linked devices பட்டியலைத் திறந்தால் இணைந்திருக்கும் கருவிகளும் அவை கடைசியாகப் பயன்பட்ட நேரமும் தெரியும். அறியாத கருவி இருந்தால் அதைத் தொட்டு Log out கொடுத்துவிட்டு, செல்பேசியைத் திறக்கும் எண்ணையும் மாற்றிவிட வேண்டும்.

நகல் எங்கே கிடக்கிறது?

செல்பேசி தொலைந்தாலும் பழைய செய்திகள் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதற்காக வாட்ஸ்அப் அவற்றின் நகலை ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கிலும், ஐபோனில் ஐகிளவுடிலும் சேமிக்கிறது. செய்தி போன வழியில் இருந்த பூட்டு இந்த நகலுக்குத் தானாக வருவதில்லை. மனாஃபோர்ட் வழக்கில் கைகொடுத்தது இப்படிப்பட்ட ஒரு கணக்குத்தான்.

நகலையும் மறையாக்கம் செய்யும் வசதியை 2021-இல் வாட்ஸ்அப் கொண்டுவந்தது. ஆனால் அதை நாம்தான் இயக்க வேண்டும்: Settings, Chats, Chat backup, End-to-end encrypted backup என்று போக வேண்டும். அங்கே ஒரு கடவுச்சொல்லையோ 64 இலக்கச் சாவியையோ வைத்துக்கொள்ளலாம். அதை மறந்துவிட்டுச் செல்பேசியையும் தொலைத்துவிட்டால், அந்த நகலை வாட்ஸ்அப்பாலும் மீட்டுத் தர முடியாது. அதனால் அதை ஒரு தாளில் எழுதிப் பத்திரமான இடத்தில் வைப்பது நல்லது.

அக்கா இதைச் செய்துவிட்டால் மட்டும் போதாது. அதே உரையாடலின் இன்னொரு நகல் தம்பியின் கணக்கில் இருக்கிறது. ஐம்பது பேர் கொண்ட குழு என்றால் ஐம்பது நகல்கள். அதில் ஒருவர் திரையைப் படமெடுத்து வெளியே அனுப்பலாம். ஒருவர் செய்தியைப் பற்றிப் புகார் கொடுத்தால், அந்த உரையாடலின் கடைசி ஐந்து செய்திகள் வரை அவருடைய செல்பேசியிலிருந்தே வாட்ஸ்அப் நிறுவனத்துக்குப் போகும்.

உறைக்குள் இருப்பதும் வெளியே இருப்பதும்

அக்கா என்ன எழுதினார் என்பது நிறுவனத்துக்குத் தெரியாது. யாருக்கு, எத்தனை மணிக்கு, எந்த இணைய முகவரியிலிருந்து அனுப்பினார் என்பது தெரியும்; அது தெரியாமல் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. ஓர் அரசு ஊழியர் நள்ளிரவில் ஒரு செய்தியாளரோடு பலமுறை பேசியிருக்கிறார், மறுநாள் அந்தச் செய்தி அச்சில் வந்தது என்றால், தகவல் யார் கொடுத்தது என்று ஊகிக்க உள்ளடக்கம் தேவையில்லை.

இந்தப் புறத்தகவலை எவ்வளவு சேர்த்து வைப்பது என்பதில்தான் செயலிகள் வேறுபடுகின்றன. 2016-இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை ஒன்று சிக்னலிடம் ஒரு கணக்கின் விவரங்களைக் கேட்டது. கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள் ஆகிய இரண்டை மட்டுமே சிக்னலால் தர முடிந்தது. வேறு எதையும் அது வைத்திருக்கவில்லை. டெலிகிராமிலோ உள்ளடக்கமே முழுதாகக் காக்கப்படுவதில்லை: சாதாரண உரையாடல்களுக்கு முனைக்கு முனை மறையாக்கமே கிடையாது. Secret Chat என்று தனியாகத் தொடங்கினால்தான் உண்டு. குழுக்களுக்கு அதுவும் இல்லை.

ஒரு செய்தியை யார் அனுப்பினார் என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்திலும் எழுந்தது. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கக் கோரிய வழக்கு, 2019-இல் ஒரு வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற விவாதமாக வளர்ந்தது. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் வி. காமகோடி, ஒவ்வொரு செய்தியோடும் அதை முதலில் எழுதியவரின் அடையாளத்தைச் சேர்த்து அனுப்பலாம் என்று யோசனை சொன்னார். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், முதலில் அனுப்பியவரைக் காட்டும் வசதி வேண்டும் என்றே கேட்கின்றன. வாட்ஸ்அப் அதை டெல்லி உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டுப் போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் அங்கே சொன்னார். வதந்தியால் உயிர்கள் போன நாட்டில் அரசின் கவலை நியாயமானது. ஆனால் எழுதியவரின் பெயர் ஒவ்வொரு செய்தியோடும் ஒட்டிக்கொண்டே போகுமானால், ஊழலை அம்பலப்படுத்துகிறவரின் பெயரும் அப்படித்தான் போகும்.

ஆக, பூட்டை நம்புவதற்கு முன் யாரிடமிருந்து காக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இணைய இணைப்பு தரும் நிறுவனத்திடமிருந்தும், வழியில் ஒட்டுக்கேட்பவரிடமிருந்தும், செயலியை நடத்தும் நிறுவனத்திடமிருந்தும் செய்தியின் உள்ளடக்கத்தைக் காக்க இன்றைய மறையாக்கம் போதும். வீட்டுக்குள் இருப்பவரிடமிருந்து என்றால் Linked devices பட்டியலும் செல்பேசியைத் திறக்கும் எண்ணும்தான் முக்கியம். புலனாய்வு அமைப்பிடமிருந்து என்றால் நகலையும் புறத்தகவலையும் யோசிக்க வேண்டும். செய்தியைப் பெறுகிறவரிடமிருந்தே காக்க வேண்டும் என்றால், அதை அனுப்பாமல் இருப்பதைத் தவிர வேறு வழி எந்தச் செயலியிலும் இல்லை.