நடந்து முடிந்த பிறகு அழுத்தும் பொத்தான்

2018 ஜூன் மாதம் லண்டனில் ராக்கெட் லீக் உலகச் சாம்பியன்ஷிப்பின் இறுதி ஆட்டம் நடந்தது. கார்களை ஓட்டிக் கால்பந்து ஆடும் வீடியோ கேம் அது. கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டாலும் பந்து தரையைத் தொடும்வரை ஆட்டம் முடியாது என்பது அதன் விதி. அந்தச் சிறு இடைவெளியில், jstn என்ற பெயரில் ஆடும் என்ஆர்ஜி அணி வீரர் ஒரு கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தார். பட்டத்தைக் கடைசியில் டிக்னிடாஸ் அணிதான் வென்றது. ஆனாலும் ரசிகர்கள் இன்றுவரை திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்தக் கோலைத்தான்.

உலகப் போட்டி என்பதால் அதைப் பதிவு செய்ய ஒரு குழுவே இருந்தது. வீட்டில் இரவு பத்து மணிக்கு அதே கேமை ஆடுபவருக்கு அப்படி யாரும் இல்லை. அவரும் எப்போதாவது அப்படியொரு கோலைப் போடுவார். எப்போது போடுவார் என்பது அவருக்கே தெரியாது. மூன்று மணி நேர ஆட்டத்தையும் முழுதாகப் பதிவு செய்து, பிறகு அந்தப் பத்து நொடியைத் தேடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். யூடியூப் நேரலைக்குப் பொதுவாக வைக்கும் 6000 கேபிபிஎஸ் பிட்ரேட்டில் அந்த மூன்று மணி நேரம் வட்டில் ஏறத்தாழ 8 ஜிபி இடம் பிடிக்கும். தேடும் நேரம் தனி.

இதற்கு ஓபிஎஸ் ஸ்டுடியோவிலேயே ஒரு வழி இருக்கிறது. நேரலை செய்பவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் இந்த இலவச மென்பொருளில் ரீப்ளே பஃபர் என்ற வசதி உண்டு. அதை ஓடவிட்டால், திரையில் நடப்பதை ஓபிஎஸ் தொடர்ந்து வீடியோவாகச் சுருக்கி, வட்டில் எழுதாமல் கணினியின் ராம் நினைவகத்தில் வைத்துக்கொண்டே போகும். குறித்த நேரத்தைத் தாண்டிய பழைய பகுதி தானாக விழுந்துவிடும். முப்பது நொடி என்று வைத்தால், எந்தக் கணத்திலும் கடைசி முப்பது நொடி மட்டும் கையில் இருக்கும். கோல் விழுந்த பிறகு ஒரு விசையை அழுத்தினால் போதும், அந்த முப்பது நொடி அப்படியே ஒரு கோப்பாக வட்டில் இறங்கும். ஏற்கெனவே சுருக்கி வைத்த வீடியோ என்பதால் சேமிக்கும்போது கணினிக்குப் புதிய வேலை ஏதும் இல்லை, ஆட்டமும் தடுமாறாது.

நினைவகம் போதுமா என்ற பயம் பலருக்கு உண்டு. கணக்கு எளிது. வீடியோவுக்கு 6000, ஒலிக்கு 160, ஆக நொடிக்கு 6160 கிலோபிட். முப்பதால் பெருக்கி எட்டால் வகுத்தால் சுமார் 23 எம்பி வருகிறது. பிட்ரேட்டை 40,000 வரை உயர்த்தினாலும் 150 எம்பிதான். இன்றைய கேமிங் கணினிக்கு இது பொருட்டே இல்லை. ஆனால் அதே உயர்ந்த தரத்தில் ஐந்து நிமிடம் வேண்டும் என்றால் 1500 எம்பி ஆகிவிடும். அப்போது Maximum Memory என்ற வரம்பைக் கவனிக்க வேண்டும். அங்கே 512 எம்பி என்று இருந்தால், நேரத்தை எவ்வளவு வைத்திருந்தாலும் கிளிப் இரண்டு நிமிடம்கூட வராது. கேட்டதைவிடக் குட்டையான கிளிப் வருகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

வசதியை இயக்க Settings-இல் Output பகுதிக்குப் போக வேண்டும். எளிய முறையில் Enable Replay Buffer என்ற பெட்டியில் டிக் அடித்தால் Maximum Replay Time கேட்கும். அங்கே 30 என்று எழுதுவதற்கு முன் ஒரு கணம் யோசிப்பது நல்லது. அந்த முப்பது நொடி, விசையை அழுத்தும் கணத்தில் முடிகிறது. கோல் விழுந்த கணத்தில் அல்ல. கோல் விழுந்ததும் ஆடியவர் கத்துவார், நண்பர்களோடு பேசுவார், அதன் பிறகுதான் கை விசைக்குப் போகும். அதில் எட்டு நொடி போய்விட்டால் கோலுக்கு முந்தைய ஆட்டம் 22 நொடிதான் மிஞ்சும். பந்து பின்களத்திலிருந்து எப்படி வந்தது என்பதும் கிளிப்பில் வேண்டுமானால் 45 வைப்பதே சரி. மிஞ்சியதைப் பிறகு வெட்டிவிடலாம், விழுந்துபோனதைத் திரும்பப் பெற முடியாது.

கிளிப்பின் நீளம் சரியாக முப்பது நொடியாக இருக்காது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். சுருக்கிய வீடியோவில் எல்லா ஃபிரேமும் முழுப் படம் அல்ல. சில நொடிக்கு ஒருமுறை ஒரு முழுப் படம் வரும்; அதற்குக் கீஃபிரேம் என்று பெயர். இடையில் வருபவை முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சொல்பவை. அதனால் கிளிப் ஒரு கீஃபிரேமில்தான் தொடங்க முடியும். நேரலைக்கு வழக்கமாக வைக்கும் இரண்டு நொடி இடைவெளியில், நீளம் ஓரிரு நொடி முன்பின்னாக இருக்கும். அது பழுதல்ல.

அடுத்தது விசை. Settings-இல் Hotkeys பகுதிக்குப் போய், Replay Buffer என்ற தலைப்பின் கீழ் Save Replay என்ற இடத்தில் கேமில் பயன்படாத ஒரு விசையைக் கொடுக்க வேண்டும். பிறகு முதன்மைத் திரையில் Start Replay Buffer பொத்தானை அழுத்த வேண்டும். பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். Output-இல் டிக் அடித்தால் பஃபர் ஓடத் தொடங்கிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். அன்றைய ஆட்டத்தின் மிக நல்ல கோல் விழுகிறது, விசையை அழுத்துகிறார்கள், கோப்புறையைத் திறந்தால் ஒன்றும் இல்லை. நேரலை செய்பவர்களுக்கு இதற்கு உறுதியான மருந்து உண்டு: General பகுதியில், நேரலை தொடங்கும்போதே பஃபரும் தானாகத் தொடங்கும்படி ஒரு பெட்டி இருக்கிறது. அதில் டிக் அடித்துவிட்டால் நினைவில் வைத்திருக்கும் சுமை இல்லை.

பஃபர் ஓடியும் விசை வேலை செய்யாத சமயமும் உண்டு. விண்டோஸில் கேமை அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியோடு திறந்து, ஓபிஎஸ்ஸைச் சாதாரணமாகத் திறந்திருந்தால், கேம் திரையில் முன்னால் இருக்கும்போது அழுத்தும் விசை ஓபிஎஸ்ஸுக்குப் போய்ச் சேராது. ஓபிஎஸ் சன்னலைச் சொடுக்கிவிட்டு அழுத்தினால் சேமிக்கிறது, கேமுக்குள் அழுத்தினால் சேமிக்கவில்லை என்றால் காரணம் இதுவே. ஓபிஎஸ்ஸையும் அதே அனுமதியோடு திறந்தால் சரியாகும். ஆட்டம் தொடங்கும் முன் கேமுக்குள்ளிருந்தே ஒருமுறை அழுத்திப் பார்த்து, பதிவுகள் சேரும் கோப்புறையில் Replay என்று தொடங்கும் கோப்பு வந்திருக்கிறதா என்று பார்ப்பதைவிட நல்ல சோதனை இல்லை. அதைத் திறந்து தன் குரலும் கேமின் ஒலியும் கேட்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

தரத்தைப் பற்றி ஒரு தேர்வு செய்தாக வேண்டும். Recording Quality-யில் Same as stream என்று வைத்தால் நேரலைக்குப் போகும் அதே வீடியோதான் பஃபரிலும் சேரும். கணினிக்குக் கூடுதல் சுமை இல்லை. ஆனால் வேகமாகத் திரும்பும் காட்சிகளில் படம் மங்கும். உயர்ந்த தரத்தைத் தேர்ந்தால் இரண்டாவது என்கோடர் ஒன்று தனியாக ஓடும். புதிய கிராஃபிக்ஸ் கார்டுகள் அதைத் தாங்கும். பழைய கணினியில் Stats சன்னலைத் திறந்து, என்கோடிங் தாமதத்தால் தவறும் ஃபிரேம்களின் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறினால், கிளிப்பின் அழகுக்காக நேரலையைக் கெடுப்பதில் அர்த்தமில்லை. பழையபடி Same as stream-க்கே திரும்பிவிடலாம்.

பஃபரில் இருப்பது ராமில் மட்டுமே இருக்கிறது. மின்சாரம் போனாலோ பஃபரை நிறுத்தினாலோ சேமிக்காத எல்லாம் அழிந்துவிடும். சேமித்தால் மட்டும் அது காலியாகாது. அடுத்த ஐந்து நொடியில் மறுபடி அழுத்தினால் பெரும்பகுதி ஒன்றாகவே இருக்கும் இரண்டாவது கிளிப் வரும்.

தொலைக்காட்சியில் வருவதுபோல் அந்தக் கோலை உடனே பார்வையாளர்களுக்குத் திருப்பிக் காட்டவும் முடியும். ஓபிஎஸ்ஸோடு வரும் instant-replay.lua என்ற சிறு நிரலை Tools பட்டியலில் உள்ள Scripts வழியாகச் சேர்த்து, அதற்கும் ஒரு விசை கொடுத்தால், சேமித்த கிளிப்பை அது ஒரு மீடியா சோர்ஸில் உடனே ஓட்டிவிடும். அதற்கும் பஃபர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பஃபர் பதிவு செய்வது ஒளிபரப்பில் தெரிவதைத்தான். அதனால் ரீப்ளே திரையில் ஓடும் நேரமும் அதில் சேர்கிறது. ரீப்ளே முடிந்த கையோடு இன்னொரு கோல் விழுந்து விசையை அழுத்தினால், புதிய கிளிப்பின் முற்பகுதியில் பழைய கோலே மறுபடி ஓடும். அதற்குப் பிறகு வரும் சில நொடிதான் புதியது. யூடியூபில் ஏற்றும் முன் அந்த முற்பகுதியை வெட்ட வேண்டியிருக்கும்.