ஒவ்வொருவராக உள்ளே வாங்க!

பொங்கலன்று மாலை 6.30 மணி. சிங்கப்பூரில் இரவு 9, லண்டனில் மதியம் 1, டொராண்டோவில் காலை 8. சொந்தங்கள் எல்லாரும் விழித்திருக்கும் நேரம் என்பதால் பல குடும்பங்களின் வீடியோ அழைப்பு இந்த வேளையில்தான் நடக்கிறது. சித்தியின் முகம் திரையில் தெரிந்ததும் ஐந்து வீடுகளிலிருந்து ஒரே நேரத்தில் "வாங்க, வாங்க, பால் பொங்கிச்சா?" என்று குரல் கிளம்பும். சித்தி காதில் ஒன்றும் தெளிவாக விழாது.

ஒரே கூடத்தில் பத்துப் பேர் பேசினாலும் குரல் வரும் திசையை வைத்து நம் காது ஆளைப் பிரித்துவிடும். அழைப்பிலோ எல்லாக் குரலும் ஒரே ஸ்பீக்கர் வழியாக வருகின்றன. போதாததற்கு, இரைச்சலைக் குறைக்கும் வசதி சில குரல்களை நடுநடுவே நறுக்கிவிடுகிறது. சத்தம் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேர்வதால், எதிராளி பேசத் தொடங்கியது தெரியாமலே நாமும் தொடங்கிவிடுகிறோம்.

ஜூம் செயலியில் இதற்கு நல்ல வழி, வெயிட்டிங் ரூம். பன்னிரண்டு வீடுகள் சேரும் அழைப்பை எடுத்துக்கொள்வோம். அழைப்பை நடத்துபவர் வீட்டுப் பேத்தி, பக்கத்தில் பாட்டி. இணைப்பைத் தொட்டவர்கள் வெளியே காத்திருக்க, அவர்கள் பெயர்ப் பட்டியல் பேத்தியின் திரையில் தெரியும். எல்லாரையும் ஒன்றாக உள்ளே விடும் Admit all பொத்தானை அவர் தொடக்கூடாது; ஒரு பெயருக்கு எதிரே உள்ள Admit மட்டும் போதும்.

"சிங்கப்பூர் சித்தி, சித்தப்பா வந்திருக்காங்க பாட்டி" என்று பேத்தி அறிவிப்பார். பாட்டி ஒரு கேள்வி கேட்பார், சித்தி பதில் சொல்வார். அந்த ஒரு நிமிடமும் மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுக் கைகூப்பினால் போதும். பிறகு சித்தியும் மியூட். அடுத்து டொராண்டோ மாமா. மூத்தவர்களை முதலில் அழைப்பது முறையாகவும் இருக்கும், அவர்கள் வெளியே வெகுநேரம் காத்திருக்கவும் வேண்டாம்.

உள்ளே நுழையும்போதே மைக்கை அணைக்கும் அமைப்பு இங்கே உதவாது. மைக்கை எங்கே திறப்பது என்று தெரியாத பெரியப்பாவின் வாயசைவு மட்டும் தெரியும். நடத்துபவர் கேட்டுக்கொள்ளலாமே தவிர, அந்தப் பக்கத்தில் ஒருவர் சம்மதம் தொட்டால்தான் குரல் திறக்கும். அதைவிட, வருபவரின் மைக் திறந்திருக்க, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் மியூட்டில் இருப்பதே நல்லது.

பட்டியலில் ஆள் பெயருக்குப் பதில் போனின் மாடல் பெயர் மட்டும் வந்தால் யாரென்று தெரியாது. "சேலம் அத்தை" என்பதுபோல் பெயரை மாற்றிக்கொள்ளும்படி முந்தின நாளே குடும்பக் குழுவில் சொல்லிவிடலாம். ஒரே அறையில் இரண்டு போன்கள் சேர்ந்து வீறிட்டால், ஒன்றின் மைக்கையும் ஸ்பீக்கரையும் சேர்த்தே அணைக்க வேண்டும்.

இலவசக் கணக்கில் ஓர் அழைப்புக்கு 40 நிமிடம்தான். பன்னிரண்டு வீட்டு வரவேற்புக்குப் பன்னிரண்டு போனாலும் அரட்டைக்கு 28 மிஞ்சும். அரட்டை நடுவே தாமதமாக வருபவரை, பேசுகிறவர் முடிக்கும்வரை வெளியே நிறுத்திவைத்து, பிறகு பெயர் சொல்லி அழைக்கலாம்.