128 வீரர்கள், 127 ஆட்டங்கள்: பைனரி மரத்தின் நான்கு வடிவங்கள்

விம்பிள்டன் ஒற்றையர் பிரிவில் 128 பேர் ஆடுகிறார்கள். சாம்பியன் யார் என்று தெரிய எத்தனை ஆட்டங்கள் வேண்டும்? 64, 32, 16 என்று சுற்று சுற்றாகக் கூட்ட வேண்டியதே இல்லை. ஓர் ஆட்டத்தில் ஒருவர் வெளியேறுகிறார். 127 பேர் வெளியேற வேண்டும் என்பதால் 127 ஆட்டங்கள்.

இறுதி ஆட்டத்தை உச்சியில் வைத்து இந்த அட்டவணையை வரைந்தால் அது ஒரு பைனரி மரம். உச்சியில் இருப்பது வேர். ஒவ்வோர் ஆட்டமும் ஒரு கணு. அடியில் தொங்கும் வீரர்கள் இலைகள். எந்தக் கணுவுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு மேல் கிடையாது.

ஆட்டம் என்றால் இருவர் வேண்டும். அதனால் இங்கே ஒரு கணுவுக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கும், அல்லது பிள்ளையே இருக்காது. ஒற்றைப் பிள்ளை மட்டும் இல்லை. இதுதான் ஃபுல் மரம். இலைகளின் எண்ணிக்கை, மற்ற கணுக்களின் எண்ணிக்கையைவிடச் சரியாக ஒன்று கூடுதல் என்பது இது தரும் உறுதி. 6 பேர் ஆடினாலும் 5 ஆட்டங்கள்தான். இருவருக்கு முதல் சுற்றில் 'பை' கொடுத்தாலும் கணக்கு மாறாது.

ஆனால் உயரத்தைப் பற்றி ஃபுல் மரம் எந்த வாக்கும் கொடுப்பதில்லை. இருவர் மோதி, வென்றவர் மூன்றாமவரோடு மோதி, அதில் வென்றவர் நான்காமவரோடு மோதி என்று ஒரே வரிசையாகப் போட்டி நடத்தலாம். அதுவும் ஃபுல் மரம்தான், ஆட்டங்களும் 127தான். ஆனால் முதலில் களமிறங்கியவர் கோப்பை வெல்ல 127 ஆட்டங்களையும் ஆட வேண்டும். விம்பிள்டனில் ஏழு ஆட்டங்கள் வென்றால் போதும்.

காரணம், விம்பிள்டன் அட்டவணை ஒரு பெர்ஃபெக்ட் மரம். அது ஃபுல்லாகவும் இருக்கிறது, எல்லா இலைகளும் ஒரே மட்டத்திலும் இருக்கின்றன. மரத்தில் k மட்டங்கள் இருந்தால் மொத்தக் கணுக்கள் 2^k − 1. அதாவது 1, 3, 7, 15 என்ற அளவுகளில் மட்டுமே இந்த மரத்தைக் கட்ட முடியும். ஆறு கணுக்களோடு பெர்ஃபெக்ட் மரம் கிடையாது.

ஆறுக்கு வழி தருவது கம்ப்ளீட் மரம். கடைசி மட்டத்தைத் தவிர மற்றவை நிரம்பியிருக்க வேண்டும். கடைசி மட்டம் இடமிருந்து இடைவெளி இல்லாமல் நிரம்பிவர வேண்டும். ஆறு கணுக்களுக்கு மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக 1 முதல் 6 வரை எண் கொடுத்தால், i என்ற கணுவின் பிள்ளைகள் 2i, 2i + 1 என்ற எண்களில் இருப்பார்கள். மூன்றாம் கணுவுக்கு 6 மட்டுமே பிள்ளை. ஆகவே இது கம்ப்ளீட், ஆனால் ஃபுல் அல்ல. இடைவெளியே இல்லாததால் மரம் முழுவதையும் ஒரே வரிசையாக நினைவகத்தில் வைக்கலாம்; யாருக்கு யார் பிள்ளை என்று தனியே குறித்துவைக்கத் தேவையில்லை. 1964-இல் ஜே.டபிள்யூ.ஜே. வில்லியம்ஸ் வெளியிட்ட ஹீப்சார்ட் முறை இந்த வசதியின் மேல்தான் நிற்கிறது.

இவ்வளவு ஒழுங்கான வடிவத்தைத் தேடல் மரத்துக்கும் ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது? தேடல் மரத்தில் சிறிய எண்கள் இடப்பக்கமும் பெரியவை வலப்பக்கமும் இருக்க வேண்டும். 2 முதல் 7 வரையிலான எண்களைக் கம்ப்ளீட் வடிவில் அடுக்கினால் வேரில் 5 வரும். அதன் இடப்பக்கம் 3, அதற்குக் கீழே 2, 4. வலப்பக்கம் 7, அதற்குக் கீழே இடப்பக்கத்தில் 6. இப்போது 1 வந்து சேர்கிறது. ஏழு கணுக்கள் என்றால் மூன்று மட்டங்களும் நிரம்ப வேண்டும். வேரில் 4, அதன் இருபுறமும் 2, 6, அடியில் 1, 3, 5, 7 என்று ஆகிவிடும். பழைய ஆறு எண்களில் ஒன்றுகூடத் தன் இடத்தில் இல்லை! ஒரே ஒரு எண்ணைச் சேர்க்க மரத்தையே பிரித்துக் கட்ட வேண்டியதாயிற்று.

சோவியத் கணிதவியலாளர்கள் அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் 1962-இல் விதியைத் தளர்த்தினார்கள். எந்தக் கணுவிலும் இடப்பக்க உயரமும் வலப்பக்க உயரமும் ஒன்றுக்கு மேல் வேறுபடக் கூடாது, அவ்வளவுதான். பேலன்ஸ்டு மரங்களில் முதலாவது இது. இருவர் பெயராலும் ஏவிஎல் மரம் எனப்படுகிறது. இதில் 1 வந்தால் 2-க்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும், வேறெதுவும் அசையாது. அடுத்து 0 வந்தால் 1-க்குக் கீழே சேரும். அப்போது 2-இன் இடப்பக்கம் இரண்டு மட்ட உயரம், வலப்பக்கம் வெறுமை; விதி உடைகிறது. உடனே 1 மேலேறி 2-இன் இடத்தைப் பிடிக்க, 0-வும் 2-உம் அதன் பிள்ளைகளாகின்றன. மேலே உள்ள 3, 5, 7 எதையும் தொட வேண்டியதில்லை.

இந்தத் தளர்வுக்கு விலை உண்டு. பத்து லட்சம் எண்களைக் கம்ப்ளீட் வடிவில் அடுக்கினால் 20 மட்டங்கள் போதும். ஏவிஎல் மரம் மிக மோசமான நிலையில் 28 மட்டங்கள் வரை போகலாம். எந்த விதியும் இல்லாத தேடல் மரத்தில் அதே எண்களை ஏறுவரிசையில் போட்டால், ஒவ்வொன்றும் முந்தையதன் வலப்பக்கத்தில் தொங்கிப் பத்து லட்சம் மட்டங்கள் ஆகும்.